எட்டு வாரத்தில் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களும், அவர்களுடைய நண்பர்களும், நண்பர்களின் தம்பி தங்கைகளும் இந்தத் தேர்வைப் பற்றி என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இங்கே பேசுவது அமேசானின் AWS Certified Cloud Practitioner தேர்வைப் பற்றி மட்டும். அதன் இப்போதைய குறியீடு CLF-C02.

இந்தத் தேர்வு மொத்தத்தில் எப்படி இருக்கும்? எத்தனை கேள்வி, எவ்வளவு பணம்?

65 கேள்விகள், 90 நிமிடம், கட்டணம் 100 டாலர், வரி தனி. 65-இல் 50 கேள்விகளுக்குத்தான் மதிப்பெண். மீதி 15 அவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காகக் கலந்து வைப்பவை, எது எதுவென்று நமக்குத் தெரியாது. அதனால் கேள்விப்பட்டே இராத ஏதாவது வந்தால் பதறாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, காலியாக விட்டால்தான் நஷ்டம்.

மதிப்பெண் 100 முதல் 1000 வரை, 700 எடுத்தால் தேர்ச்சி. நான்கு பகுதிகள்: கிளவுட் அடிப்படைகள் 24 சதவீதம், பாதுகாப்பு 30, தொழில்நுட்பமும் சேவைகளும் 34, கட்டணமும் ஆதரவும் 12. ஒவ்வொரு பகுதியிலும் தனியாகத் தேற வேண்டியதில்லை, மொத்தம் வந்தால் போதும்.

நான் பி.காம். படித்தவள், கோடிங் சுத்தமாகத் தெரியாது. எனக்கு இது சரிப்படுமா?

சரிப்படும். நிரல் எழுதுவது, கட்டமைப்பை வடிவமைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் இந்தத் தேர்வின் எல்லைக்கு வெளியே என்று அதிகாரப்பூர்வத் தேர்வு வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்தத் தேவைக்கு எந்தச் சேவை, இதற்கு யார் பொறுப்பு, எதில் செலவு குறையும் என்கிற மாதிரிதான் கேட்பார்கள். கணக்குப் படித்தவர்களுக்குக் கட்டணப் பகுதி மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஐபி முகவரி, சர்வர், டேட்டாபேஸ் என்றால் என்ன என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதல் வாரத்துக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் அதற்கென்று ஒதுக்குங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன். எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

வார நாட்களில் தினமும் 40 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரம் போல வரும், எட்டு வாரத்தில் ஏறக்குறைய 47 மணி நேரம். தொடங்குகிறவருக்கு இது போதும். வார நாளில் படிப்பது, ஞாயிறு அன்று சொந்த AWS கணக்கில் செய்து பார்ப்பது என்று பிரித்தால் ஒன்றையொன்று இடிக்காது.

முதல் வாரம் கணக்கு திறப்பதும், சர்வர்கள் இருக்கும் பகுதியான ரீஜன், அதற்குள் தனித்தனி டேட்டா சென்டர் தொகுதியான அவெய்லபிலிட்டி சோன் போன்ற அடிப்படைகளும். இரண்டாம் வாரம் EC2 என்கிற வாடகை சர்வர், அதன் டிஸ்க்கான EBS, அதன் காவலான செக்யூரிட்டி குரூப். மூன்றாம் வாரம் S3 என்கிற கோப்புக் கிடங்கு மட்டும், எந்தக் கோப்பை எந்த வகுப்பில் வைத்தால் மலிவு என்பதோடு சேர்த்து. நான்காவது வாரம் VPC என்கிற நெட்வொர்க்கும், RDS, DynamoDB என்கிற டேட்டாபேஸ்களும். ஐந்தாம் வாரம் முழுக்கப் பாதுகாப்பு, இந்த வாரத்தை மட்டும் சுருக்காதீர்கள். ஆறாவது கட்டணம், ஆதரவுத் திட்டங்கள். ஏழாவது மாதிரித் தேர்வுகள். எட்டாவது வாரத்தில் தப்பு நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு தேர்வு. அது என்ன நோட்டு என்று பின்னால் சொல்கிறேன்.

வீடியோ மட்டும் பார்த்தால் போதாதா, கணக்கு திறந்துதான் ஆக வேண்டுமா?

வீடியோ மட்டும் பார்த்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீடியோவில் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மாதிரித் தேர்வில் நான்கு பெயர்களை அடுத்தடுத்துப் போட்டால் குழம்பிவிடும். கையால் ஒரு முறை செய்தது அப்படி எளிதில் மறக்காது. அதனால் திறக்கத்தான் சொல்வேன்.

பாடத்துக்கு அமேசானின் Skill Builder தளத்தில் இலவசமாக இருக்கும் Cloud Practitioner Essentials போதும், கூடவே அங்கேயே இலவசமாக 20 கேள்விகள் கொண்ட அதிகாரப்பூர்வ மாதிரித் தொகுப்பும் இருக்கிறது. அந்த 20 கேள்விகளை இப்போதே தொடாதீர்கள், எட்டாம் வாரத்துக்கு வேண்டும்.

கார்டு எண் கொடுக்கச் சொல்கிறதே, தெரியாமல் பெரிய பில் வந்துவிட்டால்?

பயப்படுவதில் தப்பில்லை, அதனால்தான் முதல் வாரத்து வேலையே இதற்கான ஏற்பாடு. 2025 ஜூலை நடுவிலிருந்து புதிதாகத் திறக்கும் கணக்குகளுக்கு முறை மாறிவிட்டது. சேரும்போது 100 டாலர் கிரெடிட், அப்புறம் அவர்கள் சொல்லும் சில சிறு வேலைகளைச் செய்தால் மேலும் 100 டாலர் வரை கிடைக்கும். இலவசத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதம் அல்லது கிரெடிட் தீரும்வரை, எது முதலோ அதுவரை ஓடும். நீங்களாகக் கட்டணத் திட்டத்துக்கு மாறாதவரை கார்டிலிருந்து பணம் எடுக்க மாட்டார்கள். எட்டு வாரம் இதற்குள் தாராளமாக அடங்கிவிடும். ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவர்கள் உண்மையாகவே பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

திறந்த அன்றே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு எம்எஃப்ஏ என்கிற இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பைப் போட்டு, அன்றாட வேலைக்குத் தனியாக ஒரு பயனரை உருவாக்கிக்கொள்வது. இரண்டு, Budgets பக்கத்தில் Zero spend budget என்கிற வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்து உங்கள் மின்னஞ்சலைக் கொடுப்பது. ஒரு சென்ட் தாண்டினாலும் அஞ்சல் வரும். பட்ஜெட் உருவாக்குவதே கூடுதல் கிரெடிட் தரும் வேலைகளில் ஒன்று. தேர்விலும் ரூட் பயனரை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று கேட்பார்கள், அதனால் இந்த அரை மணி நேரம் படிப்பிலும் சேர்த்திதான்.

சர்வரை ஸ்டாப் செய்துவிட்டேன், ஆனாலும் கிரெடிட் குறைந்துகொண்டே போகிறதே, ஏன்?

இரண்டாம் வாரத்தில் எல்லோரும் கேட்பது இது. இதற்குப் பதில் தெரிந்தால் கட்டணப் பகுதியில் பாதி புரிந்த மாதிரி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் வர்ஜீனியா ரீஜனில் (திரையில் us-east-1) ஒரு சிறிய சர்வர் எடுக்கிறார், அதோடு 8 ஜிபி gp3 டிஸ்க், மாறாத முகவரி வேண்டுமென்று ஒரு Elastic IP. இரவு Stop அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறார். அந்த நொடியிலிருந்து சர்வரின் மணிநேர வாடகை நின்றுவிடும். ஆனால் டிஸ்க்கில் அவருடைய தரவு இருக்கிறது, அதை யாருக்கும் கொடுக்க முடியாது, ஆகவே டிஸ்க் வாடகை ஓடும்: ஜிபிக்கு மாதம் 0.08 டாலர், எட்டு ஜிபிக்கு 64 சென்ட். Elastic IP-யும் அவர் பெயரிலேயே இருக்கிறது, மணிக்கு 0.005 டாலர், மாதத்துக்கு 730 மணி என்று போட்டால் 3.65 டாலர். ஆக ஒன்றுமே ஓடாமல் மாதம் 4.29 டாலர். இதே ஆள் நான்காம் வாரத்தில் VPC படிக்கும்போது உள் நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வழியான NAT Gateway ஒன்றைப் போட்டு மறந்துவிட்டால் கதையே வேறு. அது மணிக்கு 0.045 டாலர், ஒரு பைட் கூடப் போகாவிட்டாலும் மாதம் 33 டாலர் பக்கம் வரும். சேர்ந்தபோது கிடைத்த 100 டாலரை அது ஒன்றே மூன்று மாதத்தில் தின்றுவிடும்.

வழி என்னவென்றால் ஞாயிறு பயிற்சி முடிந்ததும் Stop அல்ல, Terminate. வழக்கமான அமைப்பில் சர்வரோடு அதன் முதல் டிஸ்க்கும் போய்விடும், Elastic IP மட்டும் போகாது, அதைத் தனியாக Release செய்ய வேண்டும். எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, கன்சோலில் கட்டளை தட்டச்சு செய்யும் இடமான CloudShell திறந்து இந்த இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்:

```
aws ec2 describe-addresses
aws ec2 describe-volumes --filters Name=status,Values=available
```

முதலாவது உங்கள் பெயரில் இருக்கும் Elastic IP-களைக் காட்டும், இரண்டாவது எந்தச் சர்வரோடும் சேராமல் அநாதையாகக் கிடக்கும் டிஸ்க்குகளை. இரண்டும் காலிப் பட்டியல் கொடுத்தால் அந்த ரீஜனில் இந்த இரண்டும் மிச்சமில்லை. NAT Gateway-ஐ VPC பக்கத்தில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று உருவாக்கிய சர்வர் இன்று காணோம், யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை, மேலே வலது மூலையில் ரீஜன் பெயரைப் பாருங்கள். நேற்று மும்பையில் (ap-south-1) உருவாக்கிவிட்டு இன்று வர்ஜீனியாவில் தேடிக்கொண்டிருப்பீர்கள். EC2, VPC, RDS எல்லாம் ரீஜனுக்கு உட்பட்டவை. பயனர் அனுமதிகளுக்கான IAM, டொமைன் பெயர்களுக்கான Route 53, CloudFront போன்றவை எல்லா ரீஜனுக்கும் பொது. முந்தைய பதிலில் சொன்ன கட்டளைகளும் நீங்கள் நிற்கும் ரீஜனை மட்டும்தான் பார்க்கும், அதனால் எட்டு வாரமும் ஒரே ரீஜனில் பழகுங்கள்.

இந்தியாவில் மும்பை, ஹைதராபாத் என்று இரண்டு ரீஜன்கள். சென்னையில் இருப்பது எட்ஜ் லொகேஷன், அதாவது CloudFront கோப்புகளை வாசகருக்குப் பக்கத்தில் நகலாக வைத்துக் கொடுக்கும் இடம். அங்கே போய் EC2 எடுக்க முடியாது. ரீஜனுக்கும் எட்ஜ் லொகேஷனுக்கும் உள்ள இந்த வித்தியாசம் தேர்வில் வரும்.

அண்ணா, ஷேர்டு ரெஸ்பான்சிபிலிட்டி மாடல் மனப்பாடமே செய்துவிட்டேன், ஆனால் கேள்வி வந்தால் பாதி தப்பாகிறது. என்ன செய்வது?

மனப்பாடம் செய்ததுதான் பிரச்சினை. "கிளவுடின் பாதுகாப்பு அவர்கள் பொறுப்பு, கிளவுடுக்குள் இருப்பதன் பாதுகாப்பு நம் பொறுப்பு" என்கிற வரியை வைத்துக்கொண்டு விடை கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எந்தச் சேவை என்பதைப் பொறுத்துக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரே வேலையை எடுத்து மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு பேட்ச் போடுவது யார்? ஒரு நிறுவனம் EC2 சர்வர் எடுத்து அதில் தானே MySQL நிறுவியிருந்தால், உள்ளே நுழைந்து பேட்ச் போடும் உரிமை அந்த நிறுவனத்திடம் இருக்கிறது, ஆகவே பொறுப்பும் அதனிடம். அதே MySQL-ஐ RDS-இல் வைத்திருந்தால் அடியிலிருக்கும் சிஸ்டத்துக்குள் அந்த நிறுவனத்தால் நுழையவே முடியாது, பேட்ச் அமேசான் போடும், எந்த நேரத்தில் போடலாம் என்று மட்டும் வாடிக்கையாளர் சொல்லலாம். நிரலை மட்டும் கொடுத்தால் ஓட்டித் தரும் Lambda என்றால் சிஸ்டமும் நம்மிடம் இல்லை, நிரலை இயக்கும் சூழலும் அமேசானுடையது, எழுதிய நிரல் மட்டும் நம்முடையது. நான் சொல்லிக்கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்வேன்: அந்த இடத்துக்குள் என்னால் கை வைக்க முடியுமா? முடிந்தால் பொறுப்பு என்னுடையது.

இரண்டு முனைகள் மட்டும் எந்தச் சேவையிலும் மாறாது. கட்டடம், மின்சாரம், வன்பொருள், பழைய டிஸ்க்கை அழிப்பது எப்போதும் அமேசான். நம்முடைய தரவு, அதை யார் பார்க்கலாம் என்கிற IAM அனுமதி எப்போதும் நாம். S3 பக்கெட்டை யாராவது உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டால் அது வாடிக்கையாளர் தவறு, S3 எவ்வளவுதான் அமேசான் நடத்தும் சேவையாக இருந்தாலும். ஐந்தாம் வாரத்தில் பத்து சேவைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பேட்ச், நெட்வொர்க் விதி, என்க்ரிப்ஷன், பயனர் அனுமதி என்று நாலு கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள், அதன் பிறகு இந்தக் கேள்விகளில் தப்பு வருவது அரிது.

CloudTrail, CloudWatch, Config மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பெயரைப் பார்க்காமல் கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லைப் பாருங்கள். நேற்று இரவு ஒரு செக்யூரிட்டி குரூப் விதி மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "யார் மாற்றியது, எத்தனை மணிக்கு" என்றால் CloudTrail, அது வாசலில் இருக்கும் வருகைப் பதிவேடு. "மாறுவதற்கு முன் அந்த விதி எப்படி இருந்தது, இப்போது நம் கொள்கைக்குப் பொருந்துகிறதா" என்றால் Config. "மாறியதிலிருந்து சர்வர் திணறுகிறதா, சிபியு 80 சதவீதம் தாண்டினால் எனக்குச் சொல்" என்றால் CloudWatch.

ஐந்தாம் வாரத்தில் இதற்கு ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. CloudTrail கடைசி 90 நாள் நிர்வாகச் செயல்களை இலவசமாகவே வைத்திருக்கும். இரண்டாம் வாரத்தில் நீங்கள் சர்வரை Terminate செய்தது இன்னும் அதில் இருக்கும். அதே ரீஜனில் நின்று இதை ஓட்டுங்கள்:

```
aws cloudtrail lookup-events --lookup-attributes AttributeKey=EventName,AttributeValue=TerminateInstances
```

உங்கள் பயனர் பெயர், நேரம், எந்தச் சர்வர் என்று வரிசையாக வரும். ரூட் பயனராகவே செய்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். எங்களிடம் பழகிய ஒரு தங்கை இதைப் பார்த்த பிறகு CloudTrail கேள்வியில் ஒரு முறைகூடத் தப்பு செய்யவில்லை.

பாதுகாப்பில் இன்னொரு கூட்டம் GuardDuty, Inspector, Macie. இதற்கும் அதே வழிதான்: சந்தேகமான நடமாட்டத்தைக் கண்டுபிடிப்பது GuardDuty, சர்வரில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது Inspector, S3-இல் தனிப்பட்ட விவரங்கள் கிடக்கிறதா என்று தேடுவது Macie.

ரிசர்வ்டு, ஸ்பாட், சேவிங்ஸ் பிளான் எல்லாம் எண்ணோடு மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். இவை சர்வரை வாடகைக்கு எடுக்கும் வெவ்வேறு விதங்கள். விலைப்பட்டியலைக் கேட்க மாட்டார்கள், சூழ்நிலையைத்தான் கேட்பார்கள். வேலையை நடுவில் நிறுத்தினாலும் பாதகமில்லை என்று கேள்வியில் இருந்தால் ஸ்பாட், இரண்டு நிமிட முன்னறிவிப்பில் பிடுங்கிவிடுவார்கள், அதனால்தான் 90 சதவீதம் வரை தள்ளுபடி. ஒன்று அல்லது மூன்று வருடம் மாறாமல் ஓடும் என்றால் ரிசர்வ்டு அல்லது சேவிங்ஸ் பிளான். எவ்வளவு ஓடும் என்றே தெரியாது, நிறுத்தவும் கூடாது என்றால் ஆன்-டிமாண்ட். ஏற்கெனவே வாங்கிய மென்பொருள் உரிமம் இயந்திரத்தின் சாக்கெட் கணக்கில் இருக்கிறது என்று வந்தால் டெடிகேட்டட் ஹோஸ்ட்.

ஆறாம் வாரத்தில் Pricing Calculator, Cost Explorer, Budgets மூன்றையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். வாங்குவதற்கு முன் கணக்கிட முதலாவது, செலவழித்ததைத் திரும்பிப் பார்க்க இரண்டாவது, எல்லை தாண்டினால் எச்சரிக்க மூன்றாவது.

தப்பு நோட்டு என்றீர்களே, அதில் என்ன எழுதுவது?

மாதிரித் தேர்வில் தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி, குருட்டாம்போக்கில் சரியானதற்கும் ஒரு வரி. சரியான விடையை மட்டும் எழுதினால் பயனில்லை. நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், கேள்வியில் எந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டேன் என்று எழுத வேண்டும். உதாரணமாக: "Inspector போட்டேன், விடை GuardDuty. 'வழக்கத்துக்கு மாறான செயல்பாடு' என்ற சொல்லை விட்டுவிட்டேன்."

ஏழாம் வாரத்தில் மூன்று முழுத் தேர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், எழுந்திருக்காமல். இரண்டுக்கு நடுவில் ஒரு நாள் நோட்டுக்கு மட்டும். முப்பது நாற்பது வரி சேர்ந்ததும் பார்த்தால் தப்புகள் ஐந்தாறு குழப்பங்களுக்குள் அடங்கிவிடும், எட்டாம் வாரம் அதை மட்டும் படியுங்கள். எடுத்து வைத்த அதிகாரப்பூர்வ 20 கேள்விகளைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் போடுங்கள், உண்மையான கேள்வியின் தொனி அதில்தான் தெரியும்.

மாதிரித் தேர்வில் 72 வருகிறது. 700-தானே வேண்டும், போய் எழுதிவிடலாமா?

இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். 700 என்பது 70 சதவீதம் அல்ல, கேள்விகளின் கடினத்தைச் சரிசெய்து போடும் அளவு அது. எத்தனை சரியானால் 700 வரும் என்று வெளியே சொல்வதில்லை. முன்பு பார்த்தே இராத இரண்டு தேர்வுகளில் 80-க்கு மேல் வந்தால் போகலாம் என்பது என் அளவுகோல். ஒரே தேர்வைத் திரும்பப் போட்டு 90 வாங்குவது நினைவாற்றலுக்கான மதிப்பெண்.

இரண்டு விடை தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மதிப்பெண் கிடைக்காது. உங்கள் 72-க்குக் காரணம் அதுவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய நோட்ஸ் ஒன்று அக்கா கொடுத்தாள், டம்ப் கேள்விகளும் கிடைக்கிறது. அதையே படிக்கலாமா?

நோட்ஸ் எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள். CLF-C02 வந்தது 2023 செப்டம்பரில். அட்டையில் CLF-C01 என்று இருந்தாலோ, அமேசானின் வடிவமைப்பு வழிகாட்டியான Well-Architected-இன் தூண்கள் ஐந்து என்று இருந்தாலோ (இப்போது ஆறு, நிலைத்தன்மை பின்னால் சேர்ந்தது), 12 மாத இலவசம்தான் எல்லோருக்கும் என்று இருந்தாலோ அது பழசு. அடிப்படைக்குப் படிக்கலாம், பகுதி எடைகளையும் கட்டண விவரங்களையும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

டம்ப், அதாவது உண்மையான தேர்விலிருந்து கசிந்ததாகச் சொல்லும் கேள்விகள், வேண்டவே வேண்டாம். தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு அது எதிரானது, தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்யலாம். அதோடு நான் பார்த்த டம்ப்களில் விடைகளே தப்பாக இருந்தன, குறிப்பாக மேலே சொன்ன பேட்ச் மாதிரிக் கேள்விகளில்.

தமிழில் எழுத முடியுமா? ஆங்கிலத்தில் வாசிக்க எனக்கு நேரம் பிடிக்கும்.

தமிழில் இல்லை. ஆனால் ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். சான்றிதழ் கணக்கில் ESL +30 MINUTES என்கிற வசதியை நீங்களேதான் கேட்டுப் பெற வேண்டும். முக்கியம்: தேர்வுத் தேதி பதிவு செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டும். பதிவு செய்துவிட்டு அப்புறம் கேட்டால் அந்தத் தேர்வுக்கு அது சேராது. அதனால் ஐந்தாம் வாரத்தில் இதைக் கேட்டுவிட்டு, ஆறாம் வாரக் கடைசியில் தேதி போடுங்கள். 90 நிமிடத்தில் கேள்விக்கு 83 நொடி, 120 நிமிடத்தில் 111 நொடி. மெதுவாக வாசிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

பதிவு செய்யும்போது பெயரில் இனிஷியல் எப்படிப் போடுவது?

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. நீங்கள் கொண்டுபோகும் அடையாள அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, சான்றிதழ் கணக்கிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் என்று இருப்பது நம்மிடம் சாதாரணம். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்யுங்கள். பொருந்தாவிட்டால் உள்ளே விட மறுக்கலாம், கட்டணமும் போய்விடும்.

வீட்டிலிருந்தும் எழுதலாம், Pearson VUE மையத்துக்குப் போயும் எழுதலாம். வீட்டில் என்றால் அறையில் வேறு யாரும் வரக்கூடாது, மேசை காலியாக இருக்க வேண்டும், கேள்வியை வாய்விட்டு வாசிக்கக்கூடக் கூடாது. கூட்டுக் குடும்பமோ, மின்வெட்டு இருக்கும் பகுதியோ என்றால் மையமே நல்லது. தேதி மாற்ற வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் மாற்றலாம், ஒரு பதிவை இரண்டு முறைதான்.

680 வாங்கித் தோற்றுவிட்டேன். திரும்ப எட்டு வாரமா?

இல்லை, இரண்டு வாரம் போதும், 14 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதவும் விடுவார்கள். கட்டணம் முழுவதும் மீண்டும் கட்ட வேண்டும். மதிப்பெண் அறிக்கையில் நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியாக, தேவையான திறன் இருக்கிறதா, மேம்பட வேண்டுமா என்று காட்டியிருப்பார்கள், அதைத் தப்பு நோட்டோடு வைத்துப் பாருங்கள். பாதுகாப்புப் பகுதி பலவீனம் என்று வந்தால் முதல் வாரம் முழுக்க அந்த நாலு கட்டத் தாளும் வினைச்சொல் பயிற்சியும். 12 சதவீதக் கட்டணப் பகுதி மட்டும் பலவீனம் என்றால் அதற்கு மூன்று நாள் கொடுத்துவிட்டு மீதி நாட்களை 34 சதவீதப் பகுதிக்குக் கொடுங்கள், உங்களுக்குக் குறையும் 20 புள்ளிகள் அங்கேதான் சுலபமாகக் கிடைக்கும். இரண்டாவது வாரத்தில் இதுவரை பார்க்காத இரண்டு மாதிரித் தேர்வுகள், அதே 80 அளவுகோல்.